தையலும் பசையும் தரத்தைச் சொல்லும், பெட்டி பிறப்பைச் சொல்லும்

வாசகர் கேள்வி: ஐயா, பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன் 800 மீட்டர் ஓடுகிறான். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் பயிற்சி. அவனுக்காக நெல்லைச் சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் அடிடாஸ் ஓட்டக் காலணி ரூ.2,400க்கு வாங்கினோம். பெட்டியில் ரூ.7,999 என்று போட்டிருக்கிறது. "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அசல்தான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். மூன்று வாரத்தில் குதிகால் பக்கம் சோல் வாய்பிளக்கிறது. இது போலியா? தையல், பசை, பெட்டி, விலை இவற்றை வைத்து நானே கண்டுபிடிக்க முடியுமா? படங்கள் இணைத்துள்ளேன்.
- வீரவநல்லூர் வாசகர்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மகன் அணிந்திருப்பது அடிடாஸ் தயாரித்த காலணி அன்று என்பதே என் முடிவு. குதிகாலில் சோல் பிளந்ததால் மட்டும் இந்த முடிவுக்கு வரவில்லை. பிளந்த சோல் செய்தரம் மோசம் என்பதைக் காட்டுமே தவிர, காலணி யாரால் செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், "சர்ப்ளஸ்" என்ற சொல்லைக் கொண்டு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

இந்தப் பாடம் எனக்கு ஒரு தவறிலிருந்து கிடைத்தது. ஆம்பூரில் தொழிற்சாலைத் தரச்சோதனையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய புதிதில், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு காலணியைக் கொண்டுவந்து காட்டினான். முன்புறத்தில் சோலுக்கு மேலே அரை விரல் நீளத்துக்குப் பசை வழிந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும், இது போலி, கடையில் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று. மறுநாள் பெட்டியையும் பில்லையும் எடுத்து வந்தான். அந்த நிறுவனத்தின் சொந்த விற்பனையகத்தில் வாங்கியிருந்தான், ஒவ்வொரு எண்ணும் சரியாகப் பொருந்தியது. அசல் காலணியில் ஒரு தொழிலாளியின் தூரிகை சற்று விலகியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் காலணியைக் கொண்டுவந்தாலும் முதலில் எழுத்தைப் படிக்கிறேன், பிறகுதான் தையலையும் பசையையும் பார்க்கிறேன். உங்களுக்கும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காலணியின் நாக்கின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறிய வெள்ளைச் சீட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் நான்காவது படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. அதில் யுகே 8, யுஎஸ் 9, ஐரோப்பிய அளவு 42½ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அடிடாஸின் ஆண்கள் அளவுப் பட்டியலில் யுகே 8 என்பது யுஎஸ் 8½, ஐரோப்பிய அளவு 42, ஜப்பானிய அளவு 265. யுகே 8-ஐ யுஎஸ் 9, ஐரோப்பிய அளவு 42½ என்று கணக்கிடுவது நைக்கியின் பட்டியல். இரண்டு நிறுவனங்களும் அவரவர் கால் அச்சுக்கு ஏற்ப இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன, ஒன்றின் கணக்கு மற்றதற்குச் செல்லாது. ஒரே பட்டறையில் காலையில் நைக்கி பெயரிலும் மாலையில் அடிடாஸ் பெயரிலும் காலணி செய்பவர்கள், சீட்டு அச்சிடும்போது ஒரே அளவுப் பட்டியலை இரண்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஓர் அடிடாஸ் தொழிற்சாலையிலிருந்து மிஞ்சிய சரக்கில் இந்தப் பிழை நேர வழியே இல்லை. ஏனெனில் அந்தச் சீட்டு தைக்கப்படுவது, காலணி தேறியதா இல்லையா என்று தீர்மானிப்பதற்கு வெகு முன்னால், காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் கட்டத்திலேயே. தேறாத காலணியிலும் சீட்டு சரியாகத்தான் இருக்கும்.

அதே சீட்டில் இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, தயாரிப்பு மாதமும் ஆண்டும். உங்கள் காலணியில் 11/24 என்று இருக்கிறது. மற்றது, கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் உள்ள வரிசை எண். அடிடாஸில் இடது காலணிக்கும் வலது காலணிக்கும் இந்த எண் வெவ்வேறாக இருக்கும். உங்கள் நான்காவது, ஐந்தாவது படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கால்களிலும் ஒரே எண். ஒரு சீட்டை வடிவமைத்து ஆயிரக்கணக்கில் நகலெடுத்தவர்களின் வேலை இது.

அடுத்து பெட்டி. இங்கே நம் நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பெரிய துணை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, இந்தியாவில் பெட்டியிலிட்டு விற்கும் காலணியின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முழு முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையும், எத்தனை ஜோடி என்பதும், புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டிய விவரமும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் ரூ.7,999 என்ற விலை பெரிய எழுத்தில் இருக்கிறது. இறக்குமதியாளர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊரின் பெயரும் பின்கோடும் மட்டும் இருக்கின்றன, தெருவோ கட்டட எண்ணோ இல்லை. புகாருக்கான தொலைபேசி எண்ணில் ஒன்பது இலக்கங்கள்தாம் உள்ளன. தயாரித்த மாதம் என்ற இடத்தில் 06/2024 என்று அச்சிட்டிருக்கிறார்கள். நவம்பர் 2024இல் செய்ததாக நாக்குச் சீட்டு சொல்லும் காலணி, ஐந்து மாதங்களுக்கு முன்பே செய்து முடிந்ததாகப் பெட்டி சொல்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை அந்த விலையே காட்டிக்கொடுக்கிறது. கடைக்காரர் சொன்னபடி இது ஏற்றுமதிக்காகச் செய்து மிஞ்சிய சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஏற்றுமதிக் காலணி ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவது. அதன் பெட்டியில் இந்திய ரூபாயில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட யாருக்கும் தேவையில்லை, அச்சிடுவதும் இல்லை. ரூபாய் விலையும் இந்திய இறக்குமதியாளர் பெயரும் ஒட்டிய பெட்டி, இந்தியச் சந்தைக்கென்றே தயாரானது என்றுதான் பொருள். ஆகவே "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்ற சொல்லும் "எம்.ஆர்.பி. ரூ.7,999" என்ற சீட்டும் ஒரே பெட்டியில் உண்மையாக இருக்க முடியாது. இனி எந்தக் கடையிலாவது சர்ப்ளஸ் என்று சொல்லிக்கொண்டே ரூபாய் விலைச் சீட்டைக் காட்டித் தள்ளுபடி கணக்குப் போட்டால், இந்த ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

சர்ப்ளஸ் என்ற பேச்சு நம் மாநிலத்தில் எளிதில் எடுபடுவதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் உலகின் பல பெரிய பெயர்களுக்குக் காலணி செய்கிறார்கள், செய்யாறில் விளையாட்டுக் காலணித் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அதனால் "மேட் இன் இந்தியா" என்று இருப்பதைப் போலிக்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. "மேட் இன் வியட்நாம்" என்று இருப்பதும் அசலுக்கு உத்தரவாதம் ஆகாது. தேறாத காலணிகளைப் பெயருடன் வெளியே விடாமல், வெட்டியோ அடையாளத்தை நீக்கியோ அழிக்க வேண்டும் என்றுதான் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் போடுகின்றன. கொஞ்சம் கசிந்து வெளியே வருவது உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கசிந்து வருவது ஒரு மாடலில் ஏழெட்டு ஜோடி, அதிலும் ஒழுங்கற்ற அளவுகளில். ஒரு கடை முழுவதும் அடுக்கி வைக்கும் அளவுக்கு வராது.

பெட்டியில் உள்ள பார்கோடு பற்றியும் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது, படம் ஒன்பதில் அது முழுமையாக இருக்கிறது. கோடுகளுக்குக் கீழே உள்ள எண் 4059817302648. பதின்மூன்று இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சும்மா போட்டதன்று, முதல் பன்னிரண்டிலிருந்தும் கணக்கிட்டு வருவது. இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள 4, 5, 8, 7, 0, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 30. இரட்டைப்படை இடங்களில் உள்ள 0, 9, 1, 3, 2, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 19, அதை மூன்றால் பெருக்கினால் 57. இரண்டும் சேர்ந்து 87. அடுத்த முழுப் பத்தான 90ஐ எட்ட 3 தேவை, ஆகவே கடைசி இலக்கம் 3 ஆக இருந்திருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் 8 இருக்கிறது. இப்படி ஓர் எண் எந்த நிறுவனத்தின் பதிவிலும் இருக்க முடியாது. யாரோ ஓர் அசல் பெட்டியின் எண்ணைப் பார்த்து இரண்டொரு இலக்கத்தை மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சோதனை ஒருபக்கச் சோதனை என்பதை மறந்துவிடாதீர்கள். கணக்கு தப்பினால் போலி என்று துணிந்து சொல்லலாம். கணக்கு பொருந்தினால் அசல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அசல் பெட்டியின் எண்ணை ஓர் இலக்கமும் மாற்றாமல் நகலெடுப்பது குழந்தைக்கும் முடியும் காரியம். நாக்குச் சீட்டிலும் பெட்டியிலும் உள்ள ஆறு எழுத்து மாடல் எண்ணுக்கும் இதே நிலைதான். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, வரும் படம் உங்கள் காலணியின் மாடலோடும் நிறத்தோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறொரு காலணி வந்தால் ஐயமில்லை. அதே காலணி வந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம் என்று மட்டும் பொருள்.

இனி தையலுக்கு வருகிறேன். பத்தமடைப் பாய் வாங்கும் நம் ஊர்க்காரர்கள் விரித்த பாயின் மேல் உள்ளங்கையை ஓட்டிக் கோரையின் நெருக்கத்தைப் பார்ப்பார்கள் அல்லவா, அதே கவனம்தான் இங்கும் தேவை. ஆனால் ஒரு காலணியை மட்டும் பார்த்துத் தையல் நெருக்கமா, தளர்வா என்று முடிவு செய்வது கடினம், அது மாடலுக்கு மாடல் மாறும். ஒரே ஜோடியின் இடதையும் வலதையும் ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. பெரிய தொழிற்சாலைகளில் அப்பரின் முக்கியமான தையல்களைக் கணினி இயந்திரம் போடுகிறது. துண்டுகளை ஒரு சட்டத்துக்குள் பொருத்திவிட்டால் ஊசி ஒவ்வொரு முறையும் அதே பாதையில், அதே எண்ணிக்கையில் இறங்கும். ஆகவே லேஸ் துளைகள் உள்ள பட்டையின் ஓரத்தில், மேல் துளையிலிருந்து மூன்றாம் துளை வரை உள்ள தையல்களை இடதிலும் வலதிலும் எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆறாவது படத்தில் இடதில் 31 வருகிறது, ஏழாவது படத்தில் வலதில் 27. ஒன்றிரண்டு வித்தியாசத்தை நான் பொருட்படுத்த மாட்டேன். நான்கு வித்தியாசம் என்றால், இரண்டு கால்களையும் வெவ்வேறு ஆட்கள் கையால் ஓட்டி, வளைவில் துணியை இழுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். வலது காலணியில் அந்தத் தையல் பட்டையின் விளிம்பிலிருந்து தொடக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஓடி, வளைவு வந்ததும் விளிம்பைத் தொட்டுவிடுவதும் அதனால்தான்.

இப்போது வரும் பல ஓட்டக் காலணிகளில் பக்கவாட்டு மூன்று பட்டைகள் தைக்கப்படுவதில்லை, வெப்பத்தில் அழுத்தி ஒட்டப்படுகின்றன. அங்கே தையல் இல்லையே என்று பதற வேண்டாம். அப்படிப்பட்ட காலணியில் தையலைப் பார்க்க நல்ல இடம் உள்ளே இருக்கிறது. பாதம் படும் மெத்தையை, அதாவது இன்சோலை, குதிகால் பக்கமிருந்து மெதுவாகத் தூக்குங்கள். இலேசாக ஒட்டியிருந்தால் வலிந்து பிய்க்க வேண்டாம், பாதி தூரம் வந்தாலே போதும். அடியில் ஒரு துணிப்பலகையையும் அப்பரையும் சுற்றிலும் இணைத்து ஓடும் தையல் தெரியும். தொழிலில் இதை ஸ்ட்ரோபல் தையல் என்போம். காலணியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். வெளியே கண்ணுக்குத் தெரியாது என்பதால் போலி செய்பவர்கள் இங்கேதான் நூலையும் நேரத்தையும் மிச்சம் பிடிப்பார்கள். நல்ல வேலையில் இழைகள் சீராகச் சாய்ந்து, ஒரே இடைவெளியில், குதிகாலைச் சுற்றி வரும்போதும் மாறாமல் ஓடும், பலகையின் நடுக்குறி அப்பரின் நடுக்குறியோடு நேராக நிற்கும். உங்கள் எட்டாவது படத்தில் பலகை துணியாக இல்லை, அழுத்திய அட்டையாக இருக்கிறது. வியர்வை பட்டு அதன் ஓரம் ஏற்கனவே நார் நாராகப் பிரிந்திருக்கிறது. குதிகால் வளைவில் ஓர் இடத்தில் இழைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மூன்று வாரத்தில் அட்டைக்கு இந்தக் கதி என்றால், மழைக்காலத்தில் ஈர மைதானத்தில் ஓடியிருந்தால் மூன்று நாள்கூடத் தாங்கியிராது.

பசையைப் பற்றிச் சொல்வதற்கு முன், சோல் எப்படி ஒட்டப்படுகிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கால் அச்சில் ஏற்றிய அப்பரைச் சோலின் மேல் வைத்து, சோலின் விளிம்பு எங்கே வரும் என்று ஒரு கோடு வரைவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி உலர்த்தி, பிறகு பாலியூரிதேன் பசை பூசுவார்கள். பசை காய்ந்ததும் இரண்டையும் வெப்ப அறையில் 60 டிகிரிக்கு அருகே சூடேற்றி, பசை மீண்டும் இளகிய அந்தச் சில நொடிகளில் பொருத்தி, இயந்திரத்தில் அழுத்தி, உடனே குளிரவைப்பார்கள். பசையில் ஹார்ட்னர் என்ற திரவத்தைச் சிறிதளவு கலப்பது இதில் மிக முக்கியம். அது கலந்தால், ஒட்டிய பிறகு பசைக்குள் குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி, மறுபடி சூடு பட்டாலும் இளகாது. ஹார்ட்னர் கலந்த பசையைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அந்த நட்டத்தைத் தவிர்க்க, மலிவான பட்டறைகளில் ஹார்ட்னரையே விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒட்டிய சோல் கடையின் ஏசி அறையில் கல்லாகத்தான் இருக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் பசை திரும்ப இளகி, அடுத்த ஓட்டத்தில் குதிகாலில் வாய்பிளக்கும். உங்கள் மகன் காலணியை எங்கே வைக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. தகரக் கூரையடியிலோ சைக்கிள் கூடையில் வெயிலிலோ கிடந்திருந்தால் பிளந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அதற்காகத் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம், ஒழுங்காக ஒட்டிய காலணி நம் ஊர் வெயிலைத் தாங்க வேண்டியதுதான்.

பிளந்த இடத்துக்குள் டார்ச் அடித்து எடுத்த இரண்டாவது படம் மிகவும் உதவியது. சோலின் பக்கம் பசை பளபளவென்று முழுப் படலமாக நிற்கிறது, அப்பரின் பக்கம் ஒன்றுமே ஒட்டவில்லை, சொரசொரப்பாக்கிய அடையாளமும் இல்லை. நல்ல ஒட்டு பிய்ந்தால் துணியின் இழையோ சோலின் நுரையோ கிழிந்துகொண்டு வரும், இப்படிச் சுத்தமாகக் கழன்று வராது. வெளியே குதிகாலுக்கு மேல் நான்கு மில்லிமீட்டர் வரை மஞ்சளாகப் படிந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. பாலியூரிதேன் பசை காய்ந்தால் பெரும்பாலும் நிறமற்று இருக்கும். மஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும் மாறுவது தெருவோரச் செருப்புத் தைப்பவர்கள் டப்பாவில் வைத்திருக்கும் சொல்யூஷன் வகைப் பசை. பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கும் நெடி வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புதுக் காலணிக்கு ஒரு மணம் இருக்கும். ஆனால் தலைவலிக்கும் அளவுக்கு நெடி அடித்து, ஒரு வாரம் வெளியே வைத்தும் போகவில்லை என்றால் மலிவான கரைப்பான் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். இருந்தாலும் பசைக் கறை ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், என் தங்கை மகன் விஷயத்தில் நான் செய்த பிழை அதுதான்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில், தொகையைவிட அந்தத் தொகை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பாருங்கள் என்பதே. ரூ.7,999 காலணி ரூ.2,400க்கு வருவது எழுபது விழுக்காடு தள்ளுபடி. நிறுவனத்தின் சொந்த ஃபாக்டரி அவுட்லெட்டில், பழைய சீசன் மாடலுக்கு, எப்போதாவது அதற்கு நெருக்கமான தள்ளுபடி கிடைப்பது உண்டு. அங்கே என்ன நடக்கும் என்றால், யுகே 6 இருக்கும், 11 இருக்கும், எல்லோரும் கேட்கும் 8ம் 9ம் தீர்ந்திருக்கும், நிறமும் யாரும் விரும்பாத ஒன்றாக இருக்கும். போலிக் கடையில் இதற்கு நேர்மாறு. போன மாதம்தான் விளம்பரத்தில் வந்த மாடல், எல்லா நிறத்திலும் எல்லா அளவிலும், அடிடாஸ், நைக்கி, பூமா என்று எந்தப் பெயரை எடுத்தாலும் ஒரே விலையில் கிடைக்கும். அடுத்த முறை கடைக்குள் போனதும் விலையைக் கேட்காமல், இதே காலணியில் 6 முதல் 10 வரை எல்லா அளவும் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு அண்ணாச்சி" என்று உடனே பதில் வந்தால், அது மிஞ்சிய சரக்கு அன்று. "ஃபர்ஸ்ட் காப்பி", "மாஸ்டர் காப்பி", "செவன் ஏ" என்று சொல்லி விற்பவர்கள் அது போலி என்று தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு இந்தத் தொழிலில் தரவரிசை எதுவும் கிடையாது.

பில் என்று நீங்கள் அனுப்பியிருப்பது கடையின் பெயரும் "ஷூ 1 - 2400" என்ற கையெழுத்தும் உள்ள துண்டுச் சீட்டு. முறையான வரி பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரையிலான காலணிக்கு 5 விழுக்காடும் அதற்கு மேல் 18 விழுக்காடும் வரி. சிறு வியாபாரிகள் சிலர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் விற்க சட்டம் இடம் தருகிறது, அதனால் எண் இல்லாத எல்லா பில்லும் மோசடி ஆகிவிடாது. ஆனால் ஓர் உலக நிறுவனத்தின் சரக்கை முறைப்படி வாங்கி விற்பவர் வரி பில் இல்லாமல் விற்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்தக் கடைக்கே போய், நாக்குச் சீட்டின் அளவுப் பிழையையும் இரண்டு தேதிகளையும் அவரிடம் நேரில் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவரும் யாரிடமோ அசல் என்று நம்பி மூட்டையாக வாங்கியிருக்கக் கூடும், ஆகவே கடை முன்னால் கூட்டம் சேர்க்கவோ வாட்ஸ்அப்பில் கடைப் பெயரைப் பரப்பவோ வேண்டாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. போலி வணிகக்குறி இட்ட பொருளை விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் 104ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதைக் கடைக்காரரிடம் மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னாலே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். அடிடாஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் நாக்குச் சீட்டு, பெட்டிச் சீட்டு ஆகிய இரண்டு படங்களையும் அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். ஆணையத்தின் முன்னால் என்னைப் போன்றவரின் கருத்தைவிட அந்தப் பதிலுக்கு எடை அதிகம்.

அதுவரை தம்பி இந்தக் காலணியில் ஓட வேண்டாம். 800 மீட்டர் ஓட்டத்தில் வளைவைத் திரும்பும்போது குதிகால் பிடிப்பு விலகினால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும். காலணியின் பின்புறத்தை இரு விரலால் அழுத்தி நீங்கள் எடுத்த படத்தில், குதிகாலைத் தாங்க வேண்டிய உட்கிண்ணம் அட்டைபோல மடிந்துவிடுவதைப் பார்த்தேன். பயிற்சிக்கு ரூ.2,400க்குள் வேண்டுமென்றால் உள்நாட்டு நிறுவனங்களின் ஓட்டக் காலணிகள் அவற்றின் சொந்தப் பெயரிலேயே, முழு முகவரியோடும் முறையான பில்லோடும் கிடைக்கின்றன. அவற்றில் எதுவுமே இந்தக் காலணியைவிடப் பாதுகாப்பானது.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். பிளந்த சோலைச் சந்திப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிவிடாதீர்கள், உள்ளே பளபளவென்று நிற்கும் அந்தப் பசைப் படலத்தையும் துடைத்துவிடாதீர்கள். காலணி, பெட்டி, துண்டுச் சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் அப்படியே வைத்திருங்கள்.